அடுப்புப் பக்கத்துக் கல்லில் விரிசல்: கிரானைட், குவார்ட்ஸ், ஸ்டீல், எதைப் போடலாம்?

"எங்கள் சமையலறையில் 2 அடி அகலத்துக்குக் கறுப்பு கிரானைட் மேடை. அதில் வெட்டிப் பதித்த நான்கு பர்னர் ஹாப் அடுப்பு இருக்கிறது. இரண்டு வருடத்திலேயே ஹாப்பின் முன்பக்க இடது மூலையிலிருந்து மேடையின் விளிம்பு வரை கோடு மாதிரி விரிசல் விட்டுவிட்டது. கடைக்காரர் 'கிரானைட் அப்படித்தான், வெள்ளை குவார்ட்ஸ் போடுங்கள், கறையும் பிடிக்காது, விரிசலும் விடாது' என்கிறார். என் அத்தைக்கோ ஹோட்டல் மாதிரி ஸ்டீல் மேடைதான் வேண்டுமாம். வீட்டில் தோசைக்கல்லையும் வாணலியையும் அப்படியே இறக்கி மேடையில் வைப்போம். எது சரி?"
ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி

விரிசல் எந்த இடத்தில் தொடங்கியது என்று நீங்கள் சொன்னதிலேயே பாதி விடை இருக்கிறது. பெரும்பாலும் உங்கள் கல்லின் மேல் குற்றமில்லை, அதை வெட்டிய விதத்தில்தான் குற்றம். அதைச் சரி செய்யாமல் குவார்ட்ஸ் போட்டால் அதுவும் அதே மூலையில் விரியும். உங்கள் பழக்கத்துக்கு இன்னும் சீக்கிரமாகவே விரியலாம்.

முதலில் அது விரிசல்தானா, கல்லிலேயே இருந்த இயற்கைக் கோடா என்று பாருங்கள். ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் விடுங்கள். மேடை முழுக்கக் காய்ந்த பிறகும் அந்தக் கோடு மட்டும் ஈரமாகக் கறுத்து நின்றால் அது விரிசல். நகத்தை மெதுவாகக் குறுக்கே இழுத்தால் தட்டுப்படும். அடுத்து ஒரு நாணயத்தால் கல்லைத் தட்டிப் பாருங்கள். கோட்டுக்குப் பக்கத்தில் மட்டும் சத்தம் மங்கினால் அது விரிசல் என்ற சந்தேகம் வலுக்கும்.

இப்போது உங்கள் மேடையின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2 அடி என்றால் 610 மில்லிமீட்டர். நான்கு பர்னர் ஹாப்புகளில் பலவற்றுக்குக் கல்லில் முன்னிருந்து பின்னாக வெட்ட வேண்டிய நீளம் 490 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். (உங்கள் ஹாப்புடன் வந்த தாளில் சரியான அளவு இருக்கும், அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.) மீதி 120 மில்லிமீட்டர்தான். பின்பக்கம் சுவருக்காக 75 விட்டிருந்தால் முன்பக்கம் மிஞ்சுவது 45, அதாவது 2 அங்குலம்கூட இல்லை. 18 மில்லிமீட்டர் கனமுள்ள கல்லில் இவ்வளவு ஒல்லியான பட்டைதான் ஹாப்பின் முன்பாரத்தைத் தாங்குகிறது. பாத்திரம் நகர்த்தும்போது மேடையில் கை ஊன்றுகிறோமே, அந்த அழுத்தமும் அதன் மேல்தான். போதாததற்கு, பெரிய வாணலியை முன் பர்னரில் வைத்தால் தீ பாத்திரத்தின் அடியைச் சுற்றி வெளியே வந்து அந்தப் பட்டையை மட்டும் சுட வைக்கும். பக்கத்துக் கல் குளிர்ந்தே இருக்கும். சூடான பகுதி விரிவடையப் பார்க்க, குளிர்ந்த பகுதி பிடித்துக்கொள்ள, அந்த இழுப்பு முழுவதும் போய்ச் சேருமிடம் மூலைதான்.

அந்த மூலையை எப்படி வெட்டினார்கள் என்பதுதான் முக்கியமான விஷயம். கட்டிங் மெஷினின் பிளேடு வட்டமானது. கல்லின் அடிவரை மூலை துண்டாக வேண்டுமென்றால் மேல்பக்கத்தில் பிளேடு மூலையைத் தாண்டி ஓட வேண்டும். அவசரத்தில் மேஸ்திரிகள் அப்படித்தான் வெட்டுகிறார்கள். ஒவ்வொரு மூலையிலும் மெல்லிய கீறல் ஒன்று கூடுதலாக நீண்டிருக்கும். ஹாப்பின் விளிம்பு அதை மறைத்துவிடுவதால் நம் கண்ணில் படாது. துணிக்கு ஓரத்தில் கத்தரி போட்டுக் கொடுத்தால் எப்படி அதன் வழியே கிழியுமோ, அப்படி அந்தக் கீறல் வழியே கல் விரியும். கேஸை மூடி, தெரிந்த ஆளை வைத்து ஹாப்பைத் தூக்கிப் பாருங்கள். மூலை கூர்மையாகவோ, தாண்டி வெட்டியதாகவோ இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. மற்ற மூன்று மூலைகளையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

சரி, எந்தப் பொருள்? அடுப்பிருக்கும் பகுதிக்கு என் பரிந்துரை அடர்நிற கிரானைட்தான். தோசைக்கல்லின் சூடு சாதாரணமாக 200 டிகிரியைத் தாண்டும், வறுக்கும் வாணலி அதற்கும் மேலே போகும். அது கிரானைட்டைக் கருக்காது, நிறம் மாற்றாது. ஆனாலும் மூலைக்கும் ஒல்லிப் பட்டைக்கும் பக்கத்தில் மட்டும் கொதிக்கும் பாத்திரத்தை இறக்காதீர்கள். சூடான கல்லில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டித் துடைப்பதும் வேண்டாம்.

குவார்ட்ஸ் மேடை வேறு வகை. அது முழுக் கல் இல்லை. எடையில் ஏறத்தாழ 90 சதவீதம் குவார்ட்ஸ் துகள், மீதி அதைப் பிடித்து வைத்திருக்கும் பாலியெஸ்டர் ரெசின். கல்துகளுக்குச் சூட்டால் ஒன்றும் ஆகாது. ரெசினால்தான் தாங்க முடியாது. பொதுவாக 150 டிகிரியைத் தாண்டினாலே அது கெடத் தொடங்கும் என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் தோசைக்கல்லை ஒரு தடவை இறக்கினாலே வெள்ளை குவார்ட்ஸில் மஞ்சளாகவோ மங்கலாகவோ வட்டம் விழ வாய்ப்பு உண்டு. அது மேலே ஒட்டிய கறை இல்லை, ரெசினே கருகியது. தேய்த்தாலும் போகாது, பாலிஷ் போட்டாலும் பழையபடி வராது. தவிர, சூட்டில் ரெசின் கல்துகளைவிடப் பல மடங்கு அதிகமாக விரிவடையும். அதனால் ஒரே இடத்தில் திடீர்ச் சூடு பட்டால் விரிசலும் விடும். 'விரிசல் விடாது' என்று சொன்ன கடைக்காரரிடம் வாரண்டி அட்டையைக் கேட்டு வாங்கி, சூட்டால் வரும் சேதத்தைப் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நீங்களே படித்துப் பாருங்கள்.

கறை விஷயத்தில் கடைக்காரர் சொன்னது ஓரளவு சரி. குவார்ட்ஸ் தண்ணீரையும் எண்ணெயையும் உறிஞ்சாது. ஆனால் வெள்ளை மேடையில் மஞ்சள்தூள் கலந்த எண்ணெய் இரவு முழுக்கக் கிடந்தால் மேற்பரப்பிலேயே மஞ்சள் பிடிக்கும். நம் சமையலில் இது தினமும் நடக்கக்கூடியது. உடனே பாத்திரம் கழுவும் திரவத்தால் துடைத்தால் போய்விடும். சோப்பு பட்டதும் மஞ்சள் கறை சிவக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பிளீச்சிங் பவுடரும் அடுப்பு சுத்தம் செய்யும் காரத் திரவமும் மட்டும் கூடாது, அவை ரெசினைத் தின்னும்.

கிரானைட்டில் கறை கல்லுக்குக் கல் மாறும். நெருக்கமான கறுப்புக் கல் எதையும் அவ்வளவாக உள்ளே விடாது. வெளிர்நிறக் கற்களில் பல, எண்ணெயைக் குடித்துக் கருத்த திட்டாக வைத்துக்கொள்ளும். வாங்கும் முன் ஒரு துண்டு கேட்டு வாங்கி அதன் மேல் கொஞ்சம் தண்ணீர் விட்டு கால் மணி நேரம் கழித்துத் துடையுங்கள். அடியில் கல் கருத்திருந்தால் அது உறிஞ்சும் கல். அதைத்தான் போட வேண்டும் என்றால் சீலர் அடித்துக்கொள்ள வேண்டும், சில வருடங்களுக்கு ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டியும் வரும். அதே துண்டில் எலுமிச்சைச் சாறும் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். பளபளப்பு மங்கினால் அது கிரானைட்டே இல்லை, பாலிஷ் போட்ட கடப்பாக் கல்லாக இருக்கலாம். கடப்பா சுண்ணாம்புக்கல் வகை, புளியும் எலுமிச்சையும் அதை அரிக்கும். அப்புறம் வெள்ளைத் துணியில் தின்னர் நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். துணியில் கறுப்பு ஏறினால் கல்லுக்குச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம், வேறு கல் பாருங்கள்.

உங்கள் அத்தை சொல்வதிலும் நியாயம் உண்டு. ஸ்டீல் மேடை விரிசல் விடாது, தோசைக்கல்லை இறக்கினாலும் ஒன்றும் ஆகாது, மஞ்சள் பிடிக்காது. மிகச் சூடான பாத்திரம் வைத்தால் தகடு நிறம் மாறலாம், அவ்வளவுதான். ஆனால் மெல்லிய தகடு பாத்திரம் விழுந்தால் நசுங்கும், முதல் மாதத்திலேயே கீறல்கள் தெரியும். தகடு 1.2 மில்லிமீட்டருக்குக் குறையாமல், அடியில் பலகையோடு ஒட்டியதாக இருக்க வேண்டும். ரகம் 304 என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். காந்தம் ஒட்டவில்லை என்று காட்டுவது இதற்குச் சான்று ஆகாது, விலை குறைந்த 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. உப்புத் தண்ணீரை அப்படியே தேங்க விட்டால் எந்த ரகத்திலும் சின்னச் சின்னப் புள்ளியாக அரிப்பு வரக்கூடும், 202-ல் சீக்கிரம் வரும்.

என்னைக் கேட்டால், அடுப்பிருக்கும் நீளத்துக்கு மட்டும் புதிய கறுப்பு கிரானைட் போடுங்கள். வெள்ளை குவார்ட்ஸ் ஆசை இருந்தால் அடுப்பிலிருந்து தள்ளி, காய் நறுக்கும் பக்கம் வைத்துக்கொள்ளலாம். ஹாப்பைப் பதித்தே ஆக வேண்டும் என்றில்லாவிட்டால், கால் வைத்த அடுப்பைக் கல்லின் மேலேயே வையுங்கள். கல்லில் வெட்டே இல்லையென்றால் மூலை விரிசல் என்ற பேச்சே வராது.

ஹாப்தான் வேண்டும் என்றால் மேடையை 26 அங்குலமாக, அதாவது 660 மில்லிமீட்டராக, அகலப்படுத்துங்கள். 490 போக 170 மிஞ்சும். முன்னால் 80, பின்னால் 90 கிடைக்கும். சுவரிலிருந்து எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதை ஹாப்பின் தாளோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். மேஸ்திரியிடம் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: முதலில் நான்கு மூலையிலும் 20 மில்லிமீட்டர் கோர் பிட்டால் துளை போட வேண்டும், அதன் பிறகு துளைக்குத் துளை தண்ணீர் விட்டு வெட்ட வேண்டும், பிளேடு துளையைத் தாண்டக்கூடாது. வெட்டின ஓரத்தில் பெயர்ந்த சில்லு இருந்தால் தேய்த்து மழுக்கிவிட வேண்டும். வெட்டிய கல்லைப் படுக்க வைத்துத் தூக்கினால் அந்தப் பட்டை அப்போதே கண்ணுக்குத் தெரியாமல் விரிந்துவிடும். ஆகவே நிறுத்தித் தூக்கச் சொல்லுங்கள், முடிந்தால் மேடையில் வைத்த பிறகே வெட்டச் சொல்லுங்கள். முன்பட்டைக்கு அடியில் அலமாரியின் பக்கச்சுவர் முதல் பக்கச்சுவர் வரை ஒரு இரும்பு ஆங்கிள் கொடுத்தால் பாரம் கல்லின் மேல் நிற்காது.

கல் மாற்றும் வரை இப்போதுள்ள விரிசலை அப்படியே விடாதீர்கள். ஹாப்பைக் கழற்றி, விரிசலைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து, இரண்டு நாள் நன்றாகக் காய விட்டு, கறுப்பு நிறம் கலந்த எபோக்ஸியை இறக்கச் சொல்லுங்கள். அடியில் ஆங்கிள் அல்லது தடித்த பலகையால் தாங்கல் கொடுத்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். தாங்கல் இல்லாமல் வெறும் எபோக்ஸி மட்டும் பூசினால் அதன் பக்கத்திலேயே இன்னொரு கோடு வரும். மற்ற மூலைகளில் பிளேடு தாண்டிய கீறல் இருந்தால் அதன் முனையில் சிறு துளை போடச் சொல்லுங்கள், அங்கிருந்து விரிசல் ஓடும் வாய்ப்பு குறையும். அதுவரை பெரிய வாணலியையும் அண்டாவையும் பின் பர்னரில் வைத்துக்கொள்ளுங்கள்.