நீல உறையில் ஆரஞ்சுத் திட்டு

"பெங்களூரு மடிவாளாவில் பி.ஜி.யில் இருக்கிறேன். நீலத் தலையணை உறையில் ஆரஞ்சுத் திட்டுகள், துவைத்தாலும் போகவில்லை. பருவுக்குப் பென்சாயில் பெராக்சைடு கிரீம், தலைக்கு டை, இரண்டும் போடுகிறேன். எது காரணம்?"

கிரீம்தான். டை என்றால் பழுப்பாகவோ கறுப்பாகவோ நிறம் ஏறியிருக்கும். உங்களுக்கு நிறம் போயிருக்கிறது. பென்சாயில் பெராக்சைடு துணியின் சாயத்தையே ஆக்சிஜனேற்றம் செய்து சிதைத்துவிடும். நீலம் போனபின் மிஞ்சுவதுதான் அந்த ஆரஞ்சு. அது கறையே இல்லை என்பதால் எந்த சோப்பாலும் எடுக்க முடியாது, இனித் தேய்க்காதீர்கள்.

கிரீம் காய்ந்தாலும் தோலில் மிச்சம் இருக்கும். இரவு வியர்வையில் உறைக்கு இறங்கும், காலையில் முகம் துடைத்தால் துண்டுக்கும் போகும். வெள்ளை உறை, வெள்ளைத் துண்டு வாங்கிவிடுங்கள், வெளுக்க அதில் சாயமில்லை. அப்புறம், கிரீம் போட்டதும் கையைச் சோப்பால் கழுவுங்கள். இரவில் போடும் டீ-ஷர்ட்டின் கழுத்துப் பட்டியும் இப்படித்தான் வெளுக்கும்.