கொக்கு மீனைத்தான் பாக்குது

கேள்வி: குறுந்தொகை 25-ஆம் பாட்டுக்கு அசைன்மென்ட் எழுதுனேன் சார். அதுல தலைவன்னா வராம ஏமாத்துற காவிரித் தண்ணி, கொக்குன்னா தண்ணிக்குக் காத்து நிக்கிற டெல்டா விவசாயின்னு எழுதுனதுக்கு அஞ்சுக்கு ஒரு மார்க். கவிதைன்னா அவங்கவங்க படிக்கிறபடிதானே?
- கல்லூரி மாணவி, மன்னார்குடி

பதில்: ஒரு மார்க் தந்தவர் தாராளமானவர்ம்மா. பாட்டு அஞ்சே வரி, முதல்ல அதை முன்னாடி வெச்சுக்குவோம்.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தான்அது பொய்ப்பின் யான்எவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

கபிலர் பாட்டு, தலைவி தோழிகிட்ட சொல்றா. அவன் என்னைக் கூடுன அன்னைக்கு அங்க வேற யாருமே இல்ல, திருட்டுப்பய அவன் மட்டுந்தான், அவனே சொன்ன சொல்லைப் பொய்யாக்கிட்டா நான் என்னடி பண்ணுவேன், ஆங், ஒரு குருகு, அதான் நீ சொல்ற கொக்கு, இருந்துச்சு, தினைத்தாள் மாதிரி சின்னப் பச்சைக்காலோட, ஓடுற தண்ணில ஆரல் மீனைப் பாத்துக்கிட்டு. அவ்வளவுதான் பாட்டு.

இப்ப உன் தலைவனை எடுத்துக்குவோம், வராத தண்ணின்னு சொல்ற. ஆனா பாட்டுல தண்ணி ஓடுதேம்மா! "ஒழுகுநீர்"னு கபிலர் எழுதியிருக்கார், ஒழுகுறதுன்னா ஓடுறது. ஜூன் 12 தாண்டியும் மேட்டூர் திறக்காத வருஷம் நம்ம வாய்க்கா எப்படிக் கெடக்கும்னு உனக்கு நான் சொல்லணுமா, அங்க ஆரல் ஏது, கொக்கு எதைப் பாக்கும்? அந்த ஒரு சொல்லுலயே உன் கட்டுரை உக்காந்துடுச்சு. அப்புறம் "தான்"ங்கிற சொல்லு மூணு எடத்துல வருது, தானே கள்வன், தான் அது பொய்ப்பின், தான் மணந்த, மூணும் ஒரே ஆளு. முதல் ரெண்டுல காவிரியைப் போட்டா சமாளிக்கலாம்னே வை, மூணாவதுல தண்ணி வந்து பொண்ணை மணந்துச்சுன்னு ஆகும், அதை எங்க கொண்டு வெப்ப? அதோட தினை. நம்மூரு நெல்லு வயல்ல நின்னு பாடுனா தினைத்தாளா ஞாபகம் வரும், இது மலையைப் பாடுற குறிஞ்சித் திணைப் பாட்டு. "பொய்ப்பின்"னும் கவனி, பொய்யாக்கிட்டா-ன்னுதான் சொல்றா, அவன் இன்னும் ஏமாத்தல, அதுக்குள்ள நீ துரோகின்னு தீர்ப்பு எழுதிட்ட.

அப்ப உள்அர்த்தமே கூடாதான்னு கேப்ப. இருக்கு, அதுக்குத்தான் தொல்காப்பியமே உள்ளுறை, இறைச்சின்னு பேரு வெச்சிருக்கு. இதே பாட்டுல "பார்க்கும்"ங்கிற சொல்லைப் பாரு. போன வாரம் எங்க வீட்டுக்குப் பின்னாடி வாய்க்கா மதகுகிட்ட ஒரு மடையான் நின்னுச்சு, காலு ஒரு மாதிரி மங்கின பச்சை, கழுத்தை உள்ள இழுத்துக்கிட்டு தண்ணியையே பாத்துக்கிட்டு. பத்தடி தூரத்துல வண்டி போகுது, நாய் குலைக்குது, அது திரும்பணுமே! அவ சொல்ற சாட்சி இப்படிப்பட்டது. பேசத் தெரியாதுங்கிறது ஒரு பக்கம், அன்னைக்கு அது இவங்களைப் பாக்கவே இல்ல, மீனைப் பாத்துச்சு. சாட்சி இருக்குன்னு சொல்ற வாயாலயே சாட்சி இல்லன்னு சொல்லிடுறா. இது நான் வெளியிலேர்ந்து கொண்டுவந்த அர்த்தம் இல்ல, பாட்டுல "பார்க்கும்"முக்கு முன்னாடி "ஆரல்" நிக்குதே, அது தர்றது. குருகு மாதிரி அவனும் தன் இரைல மட்டும் கண்ணா இருந்தான்னும் ஒரு படிப்பு உண்டு, "கள்வன்"ங்கிற சொல்லு கொஞ்சம் கைகொடுக்கறதால அதை நான் தள்ளமாட்டேன், ஆனா சத்தம்போட்டு அடிச்சும் சொல்லமாட்டேன்.

வீட்லயே ஒண்ணு செஞ்சு பாரு. உன் காவிரி அர்த்தத்தை அப்படியே தூக்கி, தலைவன் வர நேரமாகுதுன்னு பொலம்புற வேற பத்து சங்கப்பாட்டுல வை. பத்துலயும் ஒட்டும். அப்படி எல்லாத்துலயும் ஒட்டுனா அது கபிலர் எழுதுன எதுலேர்ந்தும் வரலன்னு அர்த்தம், நம்ம மனசுல இருக்க தண்ணிக் கவலைலேர்ந்து வந்தது. கவலை நியாயம்தான், எனக்கும் மூணு மா நெலம் இருக்கு, அதுக்குத் தனியா ஒரு கவிதை எழுது. கொக்குக்கு சாட்சி சொல்றதைவிட்டா வேற வேலை இருக்கு, அதைப் போயி விவசாய சங்கத்துல சேக்காத.

அசைன்மென்டைத் திரும்ப எழுத வாய்ப்பு தருவாங்கன்னா, குருகு உண்டுன்னு சொல்லாம "குருகும் உண்டு"ன்னு சொல்றாளே, முதல் வரி "யாரும் இல்லை"யோட சேத்துவெச்சு அந்த "உம்" என்ன பண்ணுதுன்னு ஒரு பக்கம் எழுது. எனக்கும் ஒரு காப்பி அனுப்பு, நல்லா இருந்தா போடுறேன்.