யாளியை விட்டுப் பாட்டியைப் பார்க்க வைப்பது எப்படி? – முப்பரிமாண கேமரா கேள்வி பதில்

இந்த முறை வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எல்லாமே முப்பரிமாண மென்பொருளான பிளெண்டரின் கேமரா பற்றியவை.

ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தை மாடல் செய்து, நடுவில் ஒரு பாட்டி விளக்கேற்றுவதுபோல வைத்திருக்கிறேன். எல்லாரும் பின்னாலிருக்கும் தூண் யாளியைத்தான் பார்க்கிறார்கள். லென்ஸ் 24 மி.மீ., F-Stop 2.8. என்ன செய்யலாம்? (மாணவி, காட்பாடி)

முதலில் கேமராவை நகர்த்துங்கள், பின்னணி மங்கலை அப்புறம் பார்க்கலாம். உங்கள் பாட்டி கேமராவிலிருந்து 2 மீட்டரிலும், தூண்கள் அவருக்கு 6 மீட்டர் பின்னாலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சென்சார் அகலம் பிளெண்டரின் வழக்கமான 36 மி.மீ. 24 மி.மீ. லென்ஸில், தூண்கள் நிற்கும் தூரத்தில் ஃப்ரேமுக்குள் 12 மீட்டர் அகலம் அடங்கிவிடும். அதாவது ஒரு வரிசைத் தூணும், அதிலுள்ள யாளியும் குதிரை வீரனும் மொத்தமாக உள்ளே வந்துவிடுகிறார்கள்.

இப்போது லென்ஸை 85 ஆக்கி, பாட்டி அதே அளவில் தெரியும்வரை கேமராவைப் பின்னால் இழுங்கள். சுமார் 7 மீட்டருக்குப் போக வேண்டியிருக்கும். தூண்கள் இருக்கும் இடத்தில் இனி ஐந்தரை மீட்டர் அகலம்தான் தெரியும். ஒன்றிரண்டு தூண்கள் பெரிதாக, அமைதியாகப் பின்னால் நிற்கும். கேமராவை நகர்த்தாமல் லென்ஸை மட்டும் மாற்றினால் இது நடக்காது. அதே படத்தை வெட்டிப் பெரிதாக்கியது போலத்தான் இருக்கும்.

மங்கலும் இதனோடு கூடும். 1920 பிக்சல் அகலப் படத்தில், F-Stop 2.8இல் 24 லென்ஸ் தூணை சுமார் 4 பிக்சல் அளவுக்குத்தான் மங்கலாக்கும். 85 லென்ஸ் 9 பிக்சல். F-Stopஐ 1.4 ஆக்கினால் 18. அப்போதும் பாட்டியைச் சுற்றி முன்பின்னாக அறுபது சென்டிமீட்டர் போலத் தெளிவு இருக்கும், உட்கார்ந்திருப்பவருக்கு அது போதும்.

பின்னால் போகும்போது நடுவில் ஒரு தூண் மறைத்தால் அதை அழிக்க வேண்டாம். கேமரா எந்தத் தூரத்திலிருந்து பார்க்கத் தொடங்கும் என்பதைச் சொல்லும் Clip Startஐ அந்தத் தூணைத் தாண்டி வையுங்கள். பிளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டர் எஞ்சினில் தூண் கண்ணுக்குத் தெரியாது, அதன் நிழல் மட்டும் தரையில் அப்படியே விழும். நிஜ கேமராக்காரருக்குக் கிடைக்காத சலுகை இது.

இவ்வளவு செய்தும் கண் யாளிக்கே போனால், அது பாட்டி முகத்தைவிட வெளிச்சமாக இருக்கிறது என்று அர்த்தம். மங்கல் ஓரங்களைக் குழைக்கும், பெரிய வெளிச்சத்திட்டை அணைக்காது. ரெண்டரைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள், எது முதலில் தெரிகிறதோ அங்கே ஒளியைக் குறையுங்கள்.

என் மண்டபம் பொம்மைக் கொலுபோலத் தெரிகிறது. F-Stop 2.8தான் வைத்திருக்கிறேன். (ராணிப்பேட்டை)

மாடல் சிறியதாக இறங்கியிருக்கும். மங்கலைக் கணக்கிடும்போது பிளெண்டர் ஒரு யூனிட்டை ஒரு மீட்டராக எடுத்துக்கொள்கிறது. வேறு மென்பொருளிலிருந்து வந்த மண்டபம் பத்தில் ஒரு பங்காகிவிட்டால், அதே லென்ஸில் மங்கல் சுமார் பத்து மடங்காகிவிடும். புதிதாக ஒரு கியூப் சேர்த்துத் தூணருகே வையுங்கள். அதன் பக்கம் 2 மீட்டர், ஆள் உயரத்தைவிடக் கொஞ்சம் அதிகம். தூண் அதைவிடக் குட்டையாக இருந்தால் அளவு தவறு. F-Stopஐ 28, 30 என்று ஏற்றிச் சமாளிக்காதீர்கள், மாடலின் அளவையே திருத்துங்கள்.

Focus on Objectஇல் கதாபாத்திரத்தைக் கொடுத்தேன். முகம் மங்கல், கால் தெளிவு. (குடியாத்தம்)

ஃபோகஸ் அந்தப் பொருளின் ஆரிஜின் புள்ளிக்குப் போகிறது. பாத்திரத்துக்கு அது பெரும்பாலும் காலடியில் இருக்கும். ரெண்டரில் தெரியாத வெற்றுப் பொருளான ஒரு எம்ப்டியைக் கண்ணருகே வைத்துத் தலை எலும்புக்குப் பேரண்ட் செய்து, அதை ஃபோகஸாகக் கொடுங்கள்.

கோட்டை அகழிக் கரையில் ஒருவர் நிற்கிறார், பின்னால் மதில், தண்ணீரில் அதன் பிரதிபலிப்பு. நேரம் மிச்சமாகட்டும் என்று காம்போசிட்டரில் Defocus போட்டேன். மதில் மங்குகிறது, பிரதிபலிப்பு மட்டும் கூர்மையாக நிற்கிறது. (சத்துவாச்சாரி)

அந்த நோடுக்குத் தெரிவது, ஒவ்வொரு பிக்சலும் கேமராவிலிருந்து எவ்வளவு தூரம் என்று பதிவாகும் ஆழ பாஸ் மட்டும். பாஸில் பதிவாகியிருப்பது தண்ணீர்ப் பரப்பின் தூரம், தண்ணீருக்குள் தெரியும் மதிலின் தூரமல்ல. ஆள் 4 மீட்டரில், கரையோரத் தண்ணீர் 5 மீட்டரில் என்றால் அந்தத் தண்ணீர் ஏறக்குறைய தெளிவான பகுதிக்குள்தான் வரும். அதனால் அதிலுள்ள மதிலையும் நோடு தொடாமல் விடுகிறது. உண்மையான லென்ஸில் கதிர் தண்ணீர்வரை போய், அங்கிருந்து மதில்வரை போகும் மொத்தத் தூரம்தான் கணக்கு. பிரதிபலிப்பும் மதிலளவுக்கே மங்கும்.

எனவே இந்த ஷாட்டுக்குக் கேமராவின் Depth of Fieldஐயே இயக்கி ரெண்டர் செய்யுங்கள். புள்ளிப்புள்ளியாக வந்தால் சாம்பிளைக் கூட்ட வேண்டியிருக்கும், நேரம் பிடிக்கும். நீரும் கண்ணாடியும் இல்லாத ஷாட்டுகளுக்கு Defocusஐ வைத்துக்கொள்ளலாம். அங்கேயும் தலைமுடி ஓரங்களை ஒருமுறை பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள், வெட்டியது போன்ற கோடு பெரும்பாலும் அங்கேதான் வரும்.