ஏற்காடு பக்கம் மிளகு, காபி விவசாயிகளுக்காக ஒரு யூடியூப் சேனல் நடத்துகிறேன். நிபுணர்களை வைத்து நேரலையில் கேள்வி பதில் நடத்தினால் சேனல் மேல் நம்பிக்கை வருமா? தொடர்ந்து புதுப் பதிவுகள் போட அது கைகொடுக்குமா?

இரண்டுமே நடக்கும். ஆனால் நேரலை தொடங்குவதற்கு முந்தைய வாரத்தில் நீங்கள் செய்யும் வேலையைப் பொறுத்துத்தான் நடக்கும். நானும் சேர்வராயன் மலை விவசாயிகளுக்காக இதைச் செய்து வருவதால், ஒரே ஒரு கேள்வியை வைத்துச் சொல்கிறேன்.

நாகலூர் பக்கத்து விவசாயி ஒருவர் கேட்டது: "போர்டோ கலவை அடிச்சும் மிளகுக் கொடி வாடுதுங்க, என்ன பண்றது?" இதை அப்படியே நேரலையில் படித்தால், எவ்வளவு பெரிய நிபுணரும் "வடிகால் வசதி செய்யுங்க, மழைக்கு முன்னாடி மருந்து அடிங்க" என்றுதான் சொல்வார். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதைக் கேட்க யாரும் இன்னொரு முறை வரமாட்டார்கள்.

அதனால் முன்கூட்டியே அவரைப் போனில் பிடித்தேன். இலை, தண்டின் அடிப்பாகம், வேர் மூன்றையும் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். கொடி எத்தனை நாளில் வாடியது, கலவையை எப்படித் தயாரித்தார், எப்போது அடித்தார் என்று கேட்டு எழுதிக்கொண்டேன். எல்லாவற்றையும் நிபுணருக்கு அனுப்பிவிட்டேன். அவர் ஓய்வுபெற்ற தோட்டக்கலை அதிகாரி. முன்னதாகவே பார்த்துவிட்டதால் நேரலையில் அவர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"கொடி மாசக்கணக்கா மஞ்சளாகி நின்னுச்சா, இல்ல ரெண்டு வாரத்துல இலை கறுத்துக் கொட்டிச்சா?"

"சீக்கிரமே கொட்டிடுச்சுங்க சார்."

"அப்ப இது வேகமா வர்ற வாடல். மெதுவா மஞ்சளாகி இருந்தா வேர்ல நூற்புழு இருக்கான்னு பார்க்கணும், அது வேற கதை. சரி, சுண்ணாம்பு எப்ப வாங்கினது? கலந்ததும் கத்தி வச்சுப் பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. சுண்ணாம்பும் பிரித்துப் போட்டு நாளான பழைய மூட்டை. 1 சத போர்டோ கலவை என்றால் 1 கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டர் தண்ணீரிலும், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பை இன்னொரு 50 லிட்டரிலும் தனித்தனியே கரைக்க வேண்டும். பிறகு மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்க வேண்டும். அதில் சுத்தமான இரும்புக் கத்தியைச் சிறிது நேரம் வைத்து எடுத்தால் செம்பு நிறம் படியக் கூடாது. படிந்தால் சுண்ணாம்பு பற்றவில்லை, படியாத வரை இன்னும் சேர்க்க வேண்டும். கலந்ததை அன்றைக்கே அடித்துவிட வேண்டும். இவர் மறுநாளும் அடித்திருந்தார். இன்னொன்றையும் நிபுணர் ஒளிக்காமல் சொன்னார்: இலையில் அடிக்கும் போர்டோ நோய் வராமல் தடுக்கத்தான், வேர் அழுகிய கொடியை அது மீட்காது. அதைப் பிடுங்கி எரிப்பதுதான் வழி.

அந்த "மீட்காது" என்ற சொல்தான் சேனலுக்கு மதிப்பைச் சேர்த்தது என்பது என் எண்ணம். எல்லாவற்றுக்கும் ஒரு டப்பா மருந்து சொல்பவரை விவசாயிகள் தினமும் பார்க்கிறார்கள். அதனால் மருந்து விற்பவரை நிபுணராக உட்கார வைக்காதீர்கள். சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையம், ஏற்காட்டிலுள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம், காபி வாரியம் போன்ற இடங்களில் கேட்டுப் பாருங்கள். பணியில் இருப்பவர்களுக்கு மேலதிகாரியின் அனுமதி தேவைப்படலாம், கடிதத்தைச் சீக்கிரமே கொடுத்துவிடுங்கள்.

ஒரு மணி நேரத்துக்கு இப்படி விசாரித்து வைத்த நான்கைந்து கேள்விகள் போதும். நேரலையில் வரும் கேள்விகளுக்குக் கடைசியில் கொஞ்ச நேரம் ஒதுக்கினால் சரி. நிபுணர் "கொஞ்சம் சுண்ணாம்பு" என்று சொன்னால் "எவ்வளவு தண்ணிக்கு எவ்வளவு சார்?" என்று உடனே கேட்பது உங்கள் வேலை. மலையில் மழை நேரத்தில் சிக்னலை நம்ப முடியாது. முடிந்தால் நிபுணரைச் சேலம் டவுனில் உட்கார வைத்துவிட்டு, விவசாயியைப் போனில் பேச வையுங்கள்.

அப்புறம் பதிவுகள். முழு நேரலையையும் அப்படியே விட்டுவைத்தால் தேடி வருபவருக்குத் தன் பதில் எங்கே இருக்கிறது என்று தெரியாது. விவரக் குறிப்பில் ஒவ்வொரு கேள்விக்கும் நேரம் போடுங்கள். முதல் வரி 00:00 என்று தொடங்க வேண்டும், குறைந்தது மூன்று நேரங்கள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் யூடியூப் அதைப் பகுதிகளாகப் பிரிக்காது. பிறகு ஒவ்வொரு கேள்வியையும் தனி வீடியோவாக வெட்டி, விவசாயி கேட்ட வார்த்தைகளையே தலைப்பாக வையுங்கள். "போர்டோ அடித்தும் மிளகுக் கொடி வாடுவது ஏன்?" என்றுதான் அடுத்தவரும் தேடுவார். கேள்வி எந்த ஊர்த் தோட்டத்திலிருந்து வந்தது, பதில் எந்த மாதம் சொன்னது என்பதையும் எழுதுங்கள். மருந்துப் பரிந்துரைகள் மாறும்.

வெளியிடும் முன் அளவுகளை மட்டும் எழுதி நிபுணருக்கு அனுப்பிச் சரிபார்க்கச் சொல்லுங்கள், பேச்சில் ஒரு எண் தவறினால் அது ஒருவருடைய கொடியைப் பாதிக்கும். படம் அனுப்பிய விவசாயியிடமும் வெளியிடச் சம்மதம் கேளுங்கள். அன்று நிபுணர் "அது வேற கதை" என்று விட்ட நூற்புழு விஷயத்தை அடுத்த அமர்வுக்கு எடுத்தேன், அதற்கு வேர் படங்கள் அனுப்பியவர்களில் பலர் முதல் வீடியோவைப் பார்த்து வந்தவர்கள்.