எண்ணெயும் தண்ணீரும் நிற்கும் தொட்டி: சுவர் தாங்குமா?

கேள்வி: தொட்டியில் கீழே 2 மீட்டர் தண்ணீர், அதன்மேல் 1 மீட்டர் எண்ணெய். சுவரின் அகலம் 3 மீட்டர். இரண்டு அடர்த்திக்கும் சராசரி எடுத்துக் கணக்குப் போட்டுவிட்டதாக, தொட்டி வாங்கித் தரும் ஏஜென்ட் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். அவர் சொன்ன விடை உண்மைக்குப் பக்கத்தில்தான் இருக்கும், ஆபத்தே அதுதான்.

எண்ணெயின் அடர்த்தியை 800, தண்ணீரின் அடர்த்தியை 1000, புவியீர்ப்பை 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயின் மேற்பரப்பில் அழுத்தம் பூஜ்யம். எண்ணெயும் தண்ணீரும் சேரும் மட்டத்தில் அது 8 கிலோபாஸ்கல். தண்ணீர் தன் பங்காக இன்னும் 20 சேர்ப்பதால், அடியில் 28.

இனி விசை. முதலில் 1 மீட்டர் அகலத்துக்குப் பார்ப்போம். எண்ணெய்ப் பகுதியில் சராசரி அழுத்தம் 4, உயரம் 1 மீட்டர்; ஆக 4 கிலோநியூட்டன். தண்ணீர்ப் பகுதியில் அழுத்தம் 8-இல் தொடங்கி 28-இல் முடிகிறது. சராசரி 18, உயரம் 2, ஆக 36. மொத்தம் 40. சுவரின் அகலம் 3 மீட்டர் என்பதால் 120 கிலோநியூட்டன், அதாவது சுமார் 12 டன் எடை தரும் விசை.

தண்ணீர்ப் பகுதியைப் பூஜ்யத்திலிருந்து தொடங்குவதுதான் பலரும் செய்யும் தப்பு. எண்ணெய் மேலே உட்கார்ந்து தரும் 8 கிலோபாஸ்கல், தண்ணீருக்குள்ளும் அடிவரை அப்படியே இறங்கும். அதை விட்டால் விடை வெறும் 72 கிலோநியூட்டன்.

சராசரி அடர்த்தி 900 என்று போட்டால் 121.5 வரும். பார்க்கச் சரிபோலத்தான் இருக்கும். ஆனால் மொத்த உயரம் அதே 3 மீட்டராக இருந்து, எண்ணெய் அரை மீட்டராகக் குறைந்து, தண்ணீர் இரண்டரை மீட்டராக ஏறினால் உண்மையான விசை 127-ஐ ஒட்டி வரும். ஏஜென்ட்டின் கணக்கோ அதே 121.5-இல் நிற்கும். ஏனென்றால் எந்த அடுக்கு எவ்வளவு தடிமன் என்று அது கேட்பதே இல்லை.

அடுக்குகள் ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை. எண்ணெயை இறைப்பீர்கள், அடியில் தண்ணீர் சேரும், ஒருநாள் தொட்டி முழுக்கத் தண்ணீராகவே இருக்கும். அப்போது விசை 135. சுவரை அதற்குத்தான் வடிவமைக்க வேண்டும். கீழ்த் திரவம் தண்ணீரைவிடக் கனமாக இருந்தால் இதுவும் போதாது. 1200 அடர்த்தியுள்ள உப்புநீர் தொட்டியை நிரப்பினால் 162 ஆகிவிடும். "தண்ணீர் நிரப்பிச் சோதித்தாயிற்று" என்று ஒரு தாளை நீட்டுவார்கள். அந்தச் சோதனை 135-ஐத்தான் பார்த்திருக்கிறது. படிவங்களும் லட்சணம்தான்: கொள்ளளவு எத்தனை லிட்டர் என்று கேட்டு, அடர்த்திக்கு ஒரே ஒரு கட்டம் விட்டிருப்பார்கள். சுவர் மீதான விசைக்கும் லிட்டருக்கும் சம்பந்தமே இல்லை. தொட்டியை இரண்டு மடங்கு நீளமாக்கினாலும் இந்தச் சுவரில் அதே 120-தான்.

அப்புறம், உங்கள் 120-உம் அடியிலிருந்து சுமார் 0.97 மீட்டர் உயரத்தில் அழுத்துவதாகக் கொள்ள வேண்டும், நடுவில் அல்ல. தாங்கு கம்பிகளைச் சம இடைவெளியில் வைத்துத் தந்தால் வாங்காதீர்கள். கீழே நெருக்கமாக வைக்கச் சொல்லுங்கள்.