இரவு ஒன்பது மணிக்கு நெரிசல் எந்த இடத்தில்?

"மதியம் வேகச் சோதனை செய்தால் 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு 94 காட்டுகிறது. ஆனால் தினமும் இரவு எட்டு மணிக்கு மேல் படம் நின்று நின்று ஓடுகிறது. ஏன்?"

போன ஆண்டு எங்கள் வீட்டிலும் மூன்று மாதம் இதே தொல்லைதான். புகார் செய்தால் பகலில் ஆள் வருவார், சோதித்துப் பார்ப்பார், "லைன் நன்றாகத்தான் இருக்கிறது சார்" என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் சொன்னது பொய்யில்லை. அவர் சோதித்த நேரமும் சரியில்லை, சோதித்த பாதையும் சரியில்லை.

வேகச் சோதனைத் தளம் பெரும்பாலும் உங்களுக்கு மிக அருகில் உள்ள சர்வரைத் தேர்ந்தெடுக்கும். பல சமயம் அது உங்களுக்கு இணைப்பு தரும் நிறுவனத்தின் வலையமைப்புக்குள்ளேயே இருக்கும். நீங்கள் பார்க்கும் படமோ அந்த வலையமைப்பைத் தாண்டி வெளியிலிருந்து வரலாம். வெளியே போகும் அந்த வாசல் எவ்வளவு அகலம் என்பதை உள்ளே நடக்கும் சோதனை காட்டாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வீடுகளுக்கு வரும் ஜிபான் என்ற வகை ஃபைபரில் ஒரு இழை சுமார் 2,488 எம்பிபிஎஸ் கொண்டுவரும். அதை 64 வீடுகள் பகிர்ந்துகொள்வதாக வைத்துக்கொள்வோம். முழு எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ் போதும். 64 வீட்டிலும் ஒரே நேரத்தில் படம் ஓடினாலும் 320தான் ஆகிறது. இழைக்கு இது சுமையே இல்லை. ஆனால் 400 வீடுகளுக்கு இணைப்பு தரும் ஓர் உள்ளூர் நிறுவனம் மேலே இருக்கும் பெரிய நிறுவனத்திடம் 1,000 எம்பிபிஎஸ் மட்டும் வாங்கியிருந்தால்? மதியம் முப்பது பேர் பார்க்கும்போது 150தான் செலவாகும். இரவு 300 வீட்டில் படம் ஓடினால் 1,500 வேண்டும். வாசலில் வரிசை நீள்கிறது, வரிசையில் இடமில்லாத தரவுப் பொட்டலங்கள் கைவிடப்படுகின்றன, எல்லோருடைய வேகமும் சேர்ந்து இறங்குகிறது. செயலி முதலில் படத்தின் தரத்தைக் குறைத்துச் சமாளிக்கும். அதுவும் போதாதபோதுதான் படம் நிற்கும்.

உங்கள் வீட்டில் நெரிசல் எங்கே என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம். கணினியை ரவுட்டருடன் கேபிளில் இணைத்து, விண்டோஸில் இந்தக் கட்டளையை மதியம் ஒருமுறையும் இரவு ஒன்பதுக்கு ஒருமுறையும் கொடுங்கள்:

```
tracert -d 8.8.8.8
```

கூகுளின் 8.8.8.8 சர்வர் வரை வழியிலுள்ள ஒவ்வொரு கருவியும் பதில் தர எடுக்கும் நேரத்தை இது வரிவரியாகக் காட்டும். முதல் வரி உங்கள் ரவுட்டர், இரண்டாவது பெரும்பாலும் நிறுவனத்தின் கருவி, அதற்கடுத்தவை வெளியுலகத்துக்குப் போகும் வழி. எங்கள் வீட்டில் முதல் வரி இரண்டு நேரமும் 1 மில்லிசெகண்ட். இரண்டாவது 3, 4க்குள் நின்றது. மூன்றாவது மட்டும் மதியம் 9, இரவு 110. அதற்குப் பின் வந்த எல்லா வரிகளும் 110க்கு மேலேயே இருந்தன. வயரின் நீளம் இரவில் கூடுவதில்லை. கூடிய நேரம் முழுவதும் வரிசையில் காத்திருந்த நேரம்.

ஒன்றைக் கவனியுங்கள். நடுவில் ஒரு வரி மட்டும் 200 என்றோ நட்சத்திரக் குறியோ காட்டி, அடுத்த வரிகள் சாதாரணமாக இருந்தால் அது கோளாறு இல்லை. அந்தக் கருவி இத்தகைய விசாரணைகளுக்குத் தாமதமாகப் பதில் சொல்கிறது அல்லது பதிலே சொல்வதில்லை, அவ்வளவுதான். தாமதம் தொடங்கிய வரியிலிருந்து கடைசி வரை நீடித்தால்தான் நெரிசல் என்று கொள்ள வேண்டும்.

கேபிளில் படம் நன்றாக ஓடி, வைஃபையில் மட்டும் நின்றால் குற்றம் வீட்டுக்குள்தான். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றையொன்று இடிக்காத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே. அடுக்குமாடியில் மாலையானதும் எல்லா வீடுகளும் அந்த மூன்றுக்குள்தான் நெருக்கியடிக்கின்றன. தொலைக்காட்சியை 5 கிகாஹெர்ட்ஸுக்கோ கேபிளுக்கோ மாற்றினால் அது தீரும்.

இரவில் fast.com தளத்திலும் சோதியுங்கள். அது நெட்ஃபிளிக்ஸ் சர்வர்களிலிருந்து தரவை இறக்கிக் கணக்கிடுகிறது. ஆனால் நெட்ஃபிளிக்ஸ் தன் சேமிப்பகக் கருவிகளை இணைய நிறுவனங்களுக்குள்ளேயே வைப்பதும் உண்டு. அப்படியிருந்தால் இந்தத் தளம் நல்ல வேகம் காட்டும், வேறு செயலி திணறும்.

வாசல் நெரிசல் என்று தெரிந்தால் 200 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டாதீர்கள். உங்கள் வீட்டுக்கும் நிறுவனத்துக்கும் இடையேயான பங்குதான் அதில் கூடும். வாசல் அதே அகலத்தில்தான் இருக்கும். நான் பத்து நாள் மதிய, இரவுப் பதிவுகளைத் தேதியுடன் தொகுத்து, புகார் எண் பெற்று அனுப்பினேன். பகலில் ஆள் அனுப்ப வேண்டாம், மூன்றாவது வரியை மட்டும் இரவில் பாருங்கள் என்று எழுதினேன். மூன்று வாரம் கழித்து மேலிணைப்பைக் கூட்டியதாகத் தொலைபேசியில் சொன்னார்கள். அன்று இரவு ஒன்பதரைக்கு மூன்றாவது வரி 11 காட்டியது.