நாலு ஸ்பிரின்டா நகரும் டிக்கெட்

"ரீஃபண்ட் டிக்கெட் நாலு ஸ்பிரின்டா முடியாம தள்ளிட்டே போகுது. என்ன செய்யலாம்?"

அஞ்சாவது ஸ்பிரின்டுக்கு அப்படியே தூக்கிப் போடாதீங்க. பேக்லாக்குக்குத் திருப்பி அனுப்பி, மிச்ச வேலையை மட்டும் புதுசா உடைங்க.

பெரும்பாலும் ஒரே டிக்கெட்டுக்குள்ள ரெண்டு வேலை ஒளிஞ்சிருக்கும். எங்க டீம்லயும் ரீஃபண்ட்தான் இப்படி மாட்டுச்சு. முழுத்தொகையைத் திருப்பித் தர்றது ரெண்டு நாள்ல முடிஞ்சுது; பகுதித்தொகைக்கு வரியை எப்படிக் கழிக்கிறதுன்னு ஃபைனான்ஸ்ல இருந்து பதிலே வரல. பிரிச்சோம், முதல் பாதி அந்த வாரமே லைவ் ஆச்சு.

ஜிராவுல அந்த டிக்கெட்டோட History-ஐப் பாருங்க. In Progress-லயே கிடந்தா உடைக்கணும். ரிவியூல தேங்கியிருந்தா உடைச்சும் பிரயோஜனமில்ல, பார்க்க ஆள் வேணும்.

பாதி முடிஞ்சதுக்குப் பாதி பாயின்ட்னு எடுத்துக்காதீங்க. வெலாசிட்டி பொய்யாகி அடுத்த பிளானிங்கும் கெடும்.